முடியாத வேலையைக் காட்டச் சொன்ன நாள்

போன மாதம் எங்கள் வகுப்புக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். பள்ளிக்கூட மண்டபம், தகரக் கூரை, பின்னால் கோணலாகக் கட்டிய பதாகை. நடுவில் நான் நிற்கிறேன், கை ஐஸ்கிறீம் பெட்டியின் மேல். பக்கத்தில் மச்சாள். அதிபர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஓரத்தில் ஒரு சேலை முந்தானையும் அரைக் கையும் மட்டும் தெரிகிறது. அது கணினி ரீச்சர்.

படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். "அது ஒரு காலம்" என்றீர்கள். ஒருவர், "அந்த ரீச்சராலைதான் எங்கட கழகம் நாசமாப் போனது" என்று எழுத, பதினாலு பேர் அதற்குக் கைதட்டினீர்கள். நான் கைதட்டவும் இல்லை, மறுத்து எழுதவும் இல்லை. எங்களுக்கெல்லாம் முப்பது தட்டப்போகிறது. எனக்குக் காதோரம் நரைத்தும் விட்டது. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இப்படியே கிழவியாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்து வாசியுங்கள்.

அந்த ரீச்சரை எங்களில் ஒருவருக்கும் பிடிக்காது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவ. திங்கள் காலமை பஸ்ஸில் வந்து இறங்குவா, வெள்ளி பின்னேரம் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவா. எங்கள் வீடுகளில் அதைத்தான் கதைத்தார்கள். ஸ்கந்தபுரத்துக்கு அங்கால காட்டோரம் கிடக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் போகிறதுக்குத்தான் வருகிறார்கள் என்று என் அப்பா சொல்வார். அவா சிரிக்கமாட்டா. யாராவது "ரீச்சர், முடிஞ்சுது" என்று சொன்னால், "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பா. அந்தக் கேள்வியை நான் வெறுத்தேன். வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவள் நான். என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

கணினி அறை உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு கணினிகள், அவற்றில் ஏழுதான் உயிரோடு இருந்தன. ஒன்றின் விசைப்பலகையில் இடைவெளி விசை இல்லை, பென்சில் முனையால் குத்தவேண்டும். மின்விசிறி சுற்றினால் அறை முழுக்கப் புழுதி மணக்கும். மத்தியானத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் தொடையில் ஒட்டும். நிரல் எழுதும் கழகத்தை அங்கேதான் அவா தொடங்கினா. பள்ளிக்கூடம் விட்டபிறகு செவ்வாயும் வியாழனும். அது பத்தாம் வகுப்பின் இரண்டாம் தவணை, சிறுபோக நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்த நாட்கள்.

மச்சாளும் நானும் ஒரு குழு. எங்கள் வேலை யானை அலாரம். யோசனை மச்சாளுடையது, ஏனென்றால் காட்டோரத்தில் கடைசி வயல் அவளுடைய அப்பாவுடையது. அவர் எனக்கு மாமா, அம்மாவின் அண்ணன். ஒவ்வொரு போகத்திலும் கதிர் முற்றுகிற நேரம் யானை வரும். மாமா பொழுதுபட முன்னமே காவல் கொட்டிலுக்குப் போய் வெடியும் டோர்ச்சுமாக இருப்பார்.

எங்களிடம் இருந்தது இவ்வளவுதான். உள்ளங்கை அளவு மின்பலகை ஒன்று. அதில் வயர் குத்த எண் போட்ட துளைகள். அசைவைப் பிடிக்கிற சென்சர் ஒன்று, முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல் வெள்ளைக் குமிழோடு. சத்தம் போட ஒரு சின்னப் பஸ்ஸர். எல்லாவற்றையும் வைக்க வெறும் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. சூடான உடம்பு ஒன்று குமிழுக்கு முன்னால் நகர்ந்தால் சென்சர் மின்பலகைக்கு "ஓம்" என்று சொல்லும். மின்பலகை பஸ்ஸரைக் கத்தவைக்கும். நிரல் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

காலமை நேரத்தில் நன்றாக வேலை செய்தது. மச்சாள் ஐந்து மீற்றர் தள்ளிப் போனாலும் கத்தியது. இடைவேளைக்குப் பிறகு செத்துவிடும். கையைக் குமிழுக்கு முன்னால் ஆட்டினால் மட்டும் ஒருதரம் முனகும். பின்னேரம் வெயில் தாழ்ந்தால் மறுபடி உயிர் வரும். வயரை மாற்றினோம், சென்சரை மாற்றினோம், பயனில்லை. இன்றைக்கு எனக்குக் காரணம் தெரியும். அந்தச் சென்சர் உடம்பின் சூட்டையும் சுற்றியிருக்கிற சூட்டையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் சுவரும் காற்றும் எங்கள் உடம்பளவு கொதித்தன. அதற்கு மனிதர் எது, சுவர் எது என்று தெரியவில்லை. அன்றைக்கு இதை ஒருவரிடமாவது கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை. நான் கேட்கவிடவில்லை.

காட்சி நாள் குறித்தார்கள். அதிபர் அதைப் பெரிதாக்கினார். கல்வி வலயத்திலிருந்து பணிப்பாளர் வருகிறார் என்றார், பெற்றோருக்குக் கடிதம் போனது. நேரம் பதினொன்றரை. மண்டபத்தில். அது எங்கள் சென்சர் செத்துக்கிடக்கிற நேரம்.

முதல் நாள் பின்னேரம் மச்சாள் வீட்டுக்குப் போனபிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஒரு சின்னப் பொத்தானை எடுத்து நீள வயரில் கட்டி, மின்பலகையின் ஏழாம் துளையில் குத்தினேன். அமத்தாத நேரம் அந்தத் துளை "இல்லை" என்றே சொல்லவேண்டும், அதற்கு ஒரு சின்ன மின்தடையும் சேர்க்கவேண்டும் என்று ரீச்சர்தான் படிப்பித்திருந்தா. அதையும் பொத்தானோடு சேர்த்துப் பொருத்தினேன். நிரலில் ஒரு இடத்தைத் திருத்தினேன். சென்சர் சொன்னால் சத்தம் போடு என்று இருந்ததை, சென்சர் சொன்னால் அல்லது ஏழாம் துளை சொன்னால் சத்தம் போடு என்று மாற்றினேன். பொத்தானை மேசைவிரிப்புக்குக் கீழே ஒட்டினேன். தேவைப்பட்டால் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பணிப்பாளர், அதிபர். பின்னால் அப்பாமார், அம்மாமார், கையில் மடித்த கடிதத்தால் விசிறிக்கொண்டு. மாமா வயலிலிருந்து நேரே வந்திருந்தார், சாரத்தின் விளிம்பில் சேறு. அதிபர் பேசி, பணிப்பாளர் பேசி, கடைசியாகத்தான் ரீச்சரைக் கூப்பிட்டார்கள். அவா ஒலிவாங்கியை வாங்கவில்லை.

"பிள்ளையள், இண்டைக்கு ஒருத்தரும் முடிஞ்ச வேலையைக் காட்டவேணுமெண்டு நான் கேக்கேல்லை" என்று தொடங்கினா. "உங்கட மேசையில மூண்டு கோடு போட்ட தாள் ஒண்டு கிடக்கு. முதலாவதில என்ன வேலை செய்யுது எண்டு எழுதுங்கோ. ரெண்டாவதில என்ன வேலை செய்யேல்லை. மூண்டாவதில என்ன தெரியாது. மூண்டாவதை வெறுமனே விடுற ஆக்களைத்தான் நான் நம்பமாட்டன்."

பின்னால் ஒரு இருமல் கேட்டது. அவா நிறுத்தவில்லை.

"முடிச்சிட்டுக் காட்டுவம் எண்டு இருந்தா ஒருநாளும் காட்டமாட்டியள். இல்லாட்டி, முடிஞ்ச மாதிரி நடிச்சுக் காட்டுவியள். உங்கட பிழையை நீங்கள் பாத்துப் பாத்துக் கண் பழகிப்போச்சு. வேற ஒரு கண் பாத்தா ரெண்டு நிமிசத்தில தெரியும். அதுக்குத்தான் இந்த நாள். கைதட்டுக்கு இல்லை. வந்திருக்கிற பெரியாக்களையும் கேக்கிறன், 'நல்லாயிருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ. 'இப்பிடிச் செய்தா என்ன நடக்கும்?' எண்டு கேளுங்கோ. பிள்ளை பதில் தெரியாமல் நிண்டா, அதை எழுதி வைக்கட்டும். அதுதான் அடுத்த கிழமையின்ர வேலை."

பிறகு தன்னுடைய வேலையையே முதலில் காட்டினா. வரவு பதிகிற நிரல் ஒன்று. எங்கள் வகுப்பின் பெயர்களைப் போட்டு ஓட்டினா. நாங்கள் முப்பத்தொரு பேர், திரை முப்பது என்றது. "ஒரே பேரில ரெண்டு பிள்ளையள் இருக்கினம். நான் பேரை வைச்சுப் பதிஞ்சதால ரெண்டாவது பிள்ளை முதலாவதுக்கு மேல எழுதப்பட்டுப் போச்சு. ஆளுக்கொண்டாக் குடுக்கிற சேர்விலக்கத்தை வைச்சுப் பதிஞ்சிருக்கோணும். இன்னும் மாத்தேல்லை" என்றா.

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பில்லை. பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருவர், "இதைப் பாக்கவோ எங்களை வேலை மினைக்கெட்டு வரச்சொன்னவை?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அதிபரின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். பணிப்பாளர் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், புள்ளிகளின் சராசரி பார்க்கிற நிரலோடு வந்தார்கள். அவர்கள் ரீச்சர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். "எண் போட்டா வேலை செய்யுது. சோதனைக்கு வராத பிள்ளைக்கு எழுத்துப் போட்டா நிண்டுபோகுது" என்று சொல்லி, எழுத்தைப் போட்டே காட்டினார்கள். திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. ஒரு அம்மா, வராத பிள்ளைக்குச் சைபர் போட்டால் என்ன என்று கேட்டா. அப்படிப் போட்டால் சராசரி இறங்கிவிடும், அந்தப் பிள்ளையைக் கணக்கில் எடுக்காமலே விடவேண்டும், எப்படி என்று இன்னும் தெரியாது என்று பெரியவள் சொல்லி, அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். இப்போது நினைத்தால் அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஒழுங்காக நடந்த ஒரே கதை அதுதான். அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் பின்வரிசைச் சிரிப்பும், அதிபர் பணிப்பாளரின் காதில், "சின்னப் பிள்ளையள், சேர். பெரிய பிள்ளையள் நல்லாச் செய்வினம்" என்று சொன்னதும்தான்.

அடுத்தது நாங்கள். மச்சாளின் கையில் இருந்த தாளில், வேலை செய்யாதது என்ற கோட்டுக்குக் கீழே "மத்தியானம்" என்று அவள் எழுதியிருந்தாள். நான் அந்தத் தாளை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

அவளை மேடையின் குறுக்கே நடக்கச் சொன்னேன். நடந்தாள். சென்சர் பேசவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். மேசைவிரிப்புக்குக் கீழே கட்டைவிரலால் அமத்தினேன். பஸ்ஸர் கத்தியது. மண்டபம் அதிர்ந்தது. நான் விரலை எடுத்தேன், நின்றது. திரும்ப நடக்கச் சொன்னேன். அமத்தினேன். கத்தியது. பணிப்பாளர் தானே எழுந்து வந்து நடந்து பார்த்தார். அவருக்கும் கத்தியது. என்னுடைய விரல் அன்றைக்கு எவ்வளவு நேரம் தவறாமல் வேலை செய்தது என்றால், எனக்கே அது சென்சர்தான் என்று தோன்றத் தொடங்கியது.

கைதட்டு நிற்கவில்லை. ரீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. "மூண்டாவது கோட்டில என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டா. "ஒண்டும் இல்லை ரீச்சர். எல்லாம் வேலை செய்யுது" என்றேன். கைதட்டு இன்னும் பெரிதானது. நான் அவாவுக்கு அடித்ததுபோல் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும்தான்.

மாமா எழுந்து, இதைத் தன்னுடைய வயலில் பொருத்திப் பூட்டித் தரமுடியுமா என்று கேட்டார். பணிப்பாளர் அந்த இடத்திலேயே, இது வலயத்துக்கே முன்மாதிரி, உடனே பூட்டுங்கள் என்று அறிவித்தார். அப்போதுதான் அந்தப் படம் எடுத்தது.

ரீச்சர் விடவில்லை. எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் அதிபரிடம் போனா. இரண்டு கிழமை பள்ளிக்கூடத்து வேலியில் கட்டி வைத்து, எத்தனை தரம் சரியாகக் கத்துகிறது, எத்தனை தரம் சும்மா கத்துகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துப் பார்த்தபிறகுதான் வயலுக்குக் கொடுக்கலாம் என்றா. அதிபர் எங்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் பதில் சொன்னார். "ரீச்சர், எங்கட பிள்ளையள் ஒண்டு ஒழுங்காச் செய்தாலும் உங்களுக்குப் பொறுக்காதோ?"

அவா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தா. வெள்ளிக்கிழமை, பஸ்ஸும் வந்துவிட்டது.

சனிக்கிழமை வயலில் பூட்டினோம். மாமாவுக்குத் தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவர் பஸ்ஸருக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் ஹோனும் பற்றரியும் போட்டுத் தந்தார். ஐஸ்கிறீம் பெட்டியில் துளை போட்டு சென்சரின் குமிழை வெளியே தள்ளிவைத்து, வேலியில் யானை முறித்து வழி வைத்திருந்த இடத்துக்கு நேரே கம்பில் கட்டினோம். அதற்கு முன் நான் ஒதுக்குப்புறமாகப் போய்ப் பொத்தானைக் கழற்றினேன். அதோடு சேர்ந்து அந்த மின்தடையும் கழன்று வந்தது. ஏழாம் துளையில் குத்திய வயரை மட்டும் இழுக்கவில்லை. அவசரம். இழுத்தால் மற்ற வயர்களும் வந்துவிடும் என்று பயம். நிரலில் அந்த வரியை அழிக்கவேண்டும் என்றால் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக் கணினியில் பூட்டவேண்டும், கணினி அறைக் கதவைத் திறக்கிற திறப்பு ரீச்சரிடம், அவா யாழ்ப்பாணத்தில். பொத்தான்தான் இல்லையே, வரி கிடந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயலில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரம் ஹோன் கத்தியது. திங்கள் விடிய மூன்று தரம். செவ்வாய், மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பின நேரம் அரை மணித்தியாலம் ஓயாமல். பக்கத்து வயல்காரர் வந்து மாமாவோடு சண்டை பிடித்தார், மாடு வெருண்டு கயிறறுத்து ஓடிவிட்டது என்று. மாமா என்னிடம் கேட்டார், ஏன் சும்மா சும்மா கத்துது என்று. காத்துக்கு மாமா, ரெண்டு நாளில சரியாகிடும் என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

புதன்கிழமை மாமா பற்றரி வயரைப் பிடுங்கிவிட்டார். வியாழன் பின்னேரம், நான் வந்து பார்த்துத் திருத்தித் தரட்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ரியூசன் முடிந்து வருகிறேன், ஒழுங்கையில் அவருடைய சைக்கிள் சாத்தியிருக்கிறது. நான் திரும்பிப் போய்விட்டேன். சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இருந்து பொழுதுபடும்வரை கதைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாமாவுக்கு இரண்டாம் தரமும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாவாம். அவர் காத்திருந்து, காத்திருந்து, வெளிச்சம் மங்கத்தான் எழுந்து வயலுக்கு ஓடியிருக்கிறார்.

மற்ற நாட்களில் அந்த நேரம் கொட்டிலில் இருப்பார். அன்றைக்கு அவர் போகும்போது நாலு யானைகள் வயலுக்குள் நின்றன. வெடி கொட்டிலுக்குள் இருந்தது. அதை எடுக்க வரம்பால் ஓடினார். ஒன்று திரும்பியது. மாமா சீமெந்து வாய்க்காலுக்குள் விழுந்தார். தொடையெலும்பு இரண்டாக முறிந்தது. யானை கிட்ட வரவில்லை, அது மட்டும் நல்லகாலம். பக்கத்து வயல்காரர்தான் சத்தம் கேட்டு வந்து, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்தார். முற்றின கதிர் முக்கால்வாசி போய்விட்டது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மாமா மூன்று கிழமை கிடந்தார். கட்டோடு வந்த அடுத்த நாளே ஓட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கினார். நீங்கள் எல்லாரும் விறாந்தையில் நின்று பார்த்தீர்கள். ரீச்சரைப் பார்த்து அவர் கத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். "அரைகுறை வேலையைக் காட்டுங்கோ எண்டு மேடையில நிண்டு சொன்னனி நீதானே? அந்த அரைகுறைதான் என்ர காலை முறிச்சது." ரீச்சர் படியில் நின்று முழுக்கக் கேட்டா. உங்களில் சிலர் சிரித்தீர்கள். நான் கணினி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஊர் முழுக்க அந்தக் கதைதான். முடியாத வேலையைக் காட்டச் சொன்ன ரீச்சர், முடியாத பெட்டியை வயலில் பூட்டிய ரீச்சர். அவா பூட்டவேண்டாம் என்று சொன்னதை ஒருவரும் நினைக்கவில்லை. அதிபர் நினைத்திருப்பார். அவர் சொல்லவில்லை.

ரீச்சர் வயலிலிருந்து பெட்டியை எடுப்பித்திருந்தா. மின்பலகைக்குள் ஏற்றின நிரலைத் திரும்ப வெளியே எடுத்து வாசிக்கமுடியாது. அதனால் நான் வேலை செய்த கணினியில் கோப்பைத் தேடியிருக்கிறா. ஒருநாள் என்னைக் கூப்பிட்டா. திரையில் அந்த வரி.

"இந்த ஏழாம் துளை என்னத்துக்கு?"

"தெரியாது ரீச்சர்."

"அதில ஒரு வயர் சும்மா தொங்கினது. தொங்கிற வயருக்கு ஓமும் தெரியாது, இல்லையும் தெரியாது. காத்தில இருக்கிறதையெல்லாம் பிடிச்சு நினைச்ச நேரம் நினைச்சதைச் சொல்லும். சென்சர் பிழைக்கேல்லை. நான் இண்டைக்குக் காலமையும் பாத்தன், நல்லா வேலை செய்யுது. ஹோன் கத்தினது இந்த வரியால." திரையை என் பக்கம் திருப்பி, "அண்டைக்கு மேசைக்குக் கீழ என்ன இருந்தது?" என்று கேட்டா.

அவா மடிக்கணினியில் கோப்பை ஏற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனா. அதிபருக்கு நிரல் வாசிக்கத் தெரியாது. அவர் திரையைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தார். "பிள்ளை, பயப்பிடாமல் சொல்லு. இந்த வரியை ஆர் எழுதச் சொன்னது?"

கேள்வியிலேயே அவர் எனக்கு வழி வெட்டித் தந்திருந்தார். நான் அந்த வழியால் போனேன்.

"ரீச்சர்தான் சொன்னவ."

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபம் என்று சொல்லமுடியாது. திரையில் ஒரு பிழையைக் கண்டால் எப்படிப் பார்ப்பாவோ அப்படி. மடிக்கணினியை மூடினா. அந்தத் தவணையோடு அவாவுக்கு மாற்றம் வந்தது. கணினி அறைக்குள் பாடப்புத்தகங்களை அடுக்கினார்கள். எங்கள் கழகம் அப்படித்தான் நாசமாய்ப் போனது.

தொங்கும் வயர் பற்றி அவா சொன்னதை நான் அப்போது நம்பவில்லை. தப்புவதற்குச் சொல்கிறா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாம் வருடம், விரிவுரையாளர் ஒரு மின்பலகையை எடுத்து, ஒன்றிலும் கட்டாத வயரை ஒரு துளையில் குத்திக் காட்டினார். திரையில் ஒன்று, சைபர், சைபர், ஒன்று, ஒன்று என்று கண்டபடி ஓடியது. அவர் வயருக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனார். இன்னும் வேகமாக ஓடியது. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து வெளியே போய், வகுப்பு முடியும்வரை திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் படத்தைப் போட்டு இரண்டு நாள் கழித்து மச்சாள் எனக்கு அழைப்பு எடுத்தாள். அவளுக்குப் பொத்தான் விசயம் அன்றைக்கே தெரியுமாம். மேசைவிரிப்பு அசைந்ததைக் கண்டிருக்கிறாள். "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள். "இப்ப எனக்கு உன்னோட கதைக்கவே அருவருப்பா இருக்கு." வைத்துவிட்டாள்.

ரீச்சரின் பள்ளிக்கூடத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் தேடிப் பிடிப்பது கடினமாக இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நின்றேன். அவாவின் தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டா. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், வயர், மடித்துப் பைக்குள் வைத்த தாள், அதிபரின் அறையில் சொன்ன பொய். பிள்ளைகள் எங்களைச் சுற்றிச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

"மாமாவுக்குச் சொன்னனியோ?" என்றா.

இல்லை என்றேன்.

"நான் அண்டைக்கே அறிஞ்ச ஆள். எனக்குச் சொல்லுறது லேசு. காலை முறிச்ச மனுசனுக்குச் சொல்லாமல் இஞ்ச ஏன் முதல் வந்தனி?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டா. இத்தனை தூரம் வந்தவளைத் தண்ணி குடிக்கிறியா என்றுகூடக் கேட்காத மனுசி என்று பஸ்ஸில் அவாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனையிறவு தாண்டியபிறகு திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே மாமாவிடம் போனேன்.

அவர் முற்றத்தில் கதிரையில் இருந்து, முறிந்த காலை ஸ்ரூலில் நீட்டி வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குளிர் நாளில் இன்னும் உளைகிறது. மாமி குசினிக்குள். நான் சொல்லச் சொல்ல அவருடைய கை தேய்ப்பதை நிறுத்தியது. நான் முடித்ததும் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தார்.

"பற்றரி வயரைப் பிடுங்கினது நான்" என்றார் கடைசியில். "பிடுங்காமல் விட்டிருந்தா அண்டைக்குக் கத்தியிருக்கும், நான் தப்பியிருப்பன் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த மனுசியைத்தான் ஊருக்கு முன்னால வைச்சுப் பேசினன்." காலை ஸ்ரூலிலிருந்து இறக்கினார். "எழும்பிப் போ. இனி இந்தப் படலையடிக்கு வராதை."

எழுந்து போனேன். மாமி குசினி வாசலில் நின்று பார்த்தா.

இது நடந்து ஐந்து நாள். நேற்றுக் காலமை மாமியிடமிருந்து அழைப்பு வந்தது. சுகமோ என்றுகூடக் கேட்கவில்லை. "கொப்பி பென்சிலோட மாமா பக்கத்தில இருக்கிறார். அந்த ரீச்சற்ர நம்பர் உன்னட்டை இருக்கோ எண்டு கேக்கிறார்" என்றா. இருக்கு மாமி என்று இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமி அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் மாமா எழுதுகிறது கேட்டது. ஒரு இலக்கம் அவருக்குப் பிழைத்துவிட்டது. "அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றார், மாமியிடம். என்னோடு இன்னும் அவர் கதைக்கவில்லை.

திருப்பிச் சொன்னேன்.